பவுடரை நிறுத்தினால் பரு போகுமா?

ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். தோள் கொஞ்சம் அகன்றிருக்கும், சட்டை கையில் இறுக ஆரம்பித்திருக்கும். கூடவே தாடை ஓரத்திலும் முதுகிலும் தொட்டால் வலிக்கிற கட்டிப் பருக்கள் கிளம்பியிருக்கும். வீட்டில் அம்மா 'உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி' என்பார். ஜிம் மாஸ்டர் 'தண்ணி நிறைய குடி தம்பி, தானா போயிடும்' என்பார். கூடப் பயிற்சி செய்பவர்களில் ஒருவர் மட்டும் 'வே புரோட்டீன் எடுக்கிறியா? அதுதான் காரணம்' என்று அடித்துச் சொல்வார்.

அவர் சொல்வது உண்மையா? இருபதுகளில் இருக்கும் பலர் தோல் மருத்துவரிடம் கேட்கிற கேள்வி இது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஆனால் உங்கள் பருவுக்கு உங்கள் டப்பா காரணமா என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அது கொஞ்சம் பொறுமை கேட்கும்.

பாலைத் திரித்துப் பனீர் செய்யும்போது துணியில் கட்டி வடித்தால் கீழே இறங்கும் மஞ்சள் கலந்த தண்ணீரில் இருப்பதுதான் வே புரதம். பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அது பனீராகக் கட்டிவிடும். மீதி 20 சதவீதம்தான் வே புரதம். பெரிய சீஸ் ஆலைகளில் மிஞ்சும் அந்தத் தண்ணீரை வடிகட்டி, உலர்த்திப் பவுடராக்கினால் கடையில் விற்கிற வே. ஒரு ஸ்கூப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கும். அவ்வளவு வே புரதம் பாலிலிருந்தே வேண்டுமென்றால் மூன்றரை லிட்டருக்கு மேல் பால் குடிக்க வேண்டும். 'சின்ன வயசிலிருந்து பால் குடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே, பவுடரும் பால்தானே' என்று கேட்பவர்கள் இந்த அளவு வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஸ்கூப் என்றால் ஏழு லிட்டர் பாலின் வே, அதுவும் சில மடக்குகளில் உள்ளே போகிறது.

உள்ளே போனதும் என்ன நடக்கிறது? வே வேகமாகச் செரிக்கும். லியூசின் போன்ற சில அமினோ அமிலங்கள் அதில் அதிகம். அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சட்டென்று உயர்த்துகின்றன. சர்க்கரை அதிகம் இல்லாத உணவாக இருந்தும் வே இன்சுலினை நன்றாகவே ஏற்றும். தசை வளர அது உதவுகிறது. அதற்காகத்தான் குடிக்கிறோம். ஆனால் இன்சுலினும், அதன் உறவுக்கார ஹார்மோனான ஐஜிஎஃப்-1 என்பதும் தசையோடு நிற்பதில்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பியும் அவற்றின் கட்டளையைக் கேட்கும். சுரப்பி பெருத்து எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. மயிர்க்கால் வாயில் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகி அடைத்துக்கொள்கின்றன. அடைப்புக்குள் தேங்கிய எண்ணெயில் பாக்டீரியா பெருகி அழற்சி கிளம்புகிறது. அதைத்தான் பரு என்கிறோம்.

இந்த ஹார்மோனுக்குப் பருவில் பங்கு உண்டு என்பதற்கு ஓர் அரிய நோய் சாட்சியாக இருக்கிறது. லாரன் நோய்க்குறி உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு. சிகிச்சை பெறாதவர்களுக்குப் பரு அநேகமாக வருவதில்லை. அவர்களுக்கு மருந்தாக ஐஜிஎஃப்-1 கொடுத்து, அளவு கூடிப்போனபோது சிலருக்குப் பரு வந்தது. அளவைக் குறைத்ததும் அடங்கியது.

ஆக, வழி திறந்திருக்கிறது. ஆனால் வழி இருக்கிறது என்பதும் அந்த வழியாக யாரோ வந்தார் என்பதும் ஒன்றல்ல. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் படம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கிறது.

2012-ல் இரண்டு மருத்துவக் குறிப்புகள் வந்தன. ஒன்று உடற்கட்டு செய்யும் ஐந்து ஆண்களைப் பற்றியது. மற்றொன்று விளையாட்டில் ஈடுபட்ட ஐந்து பதின்வயதுப் பையன்களைப் பற்றியது. எல்லோருக்கும் வே எடுக்கத் தொடங்கிய பின் பரு வந்திருந்தது. பையன்களுக்கு வழக்கமான மாத்திரையும் களிம்பும் சரியாகக் கேட்கவில்லை. வே நிறுத்திய பிறகே அடங்கியது, மீண்டும் தொடங்கிய சிலருக்கு மறுபடி கிளம்பியது. படிக்கும்போது வலுவாகத் தோன்றும். ஆனால் பத்துப் பேர்தான். வே குடித்தும் பரு வராத ஆயிரக்கணக்கானவர்கள் மருத்துவரிடம் போவதும் இல்லை, குறிப்பில் இடம்பெறுவதும் இல்லை.

அடுத்த வகை, ஒப்பீட்டு ஆய்வு. ஜோர்டானின் வடபகுதியில் நடந்து 2024-ல் வெளியான ஒன்றில், பரு உள்ள இளம் ஆண்கள் 100 பேரையும் பரு இல்லாத 101 பேரையும் விசாரித்தார்கள். பரு உள்ளவர்களில் 47 சதவீதம் பேர் வே எடுத்திருந்தார்கள், இல்லாதவர்களில் சுமார் 28 சதவீதம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் வே எடுப்பவர் வேறு பலவற்றையும் செய்பவர். வியர்வையில் ஊறிய இறுக்கமான பனியனோடு மணிக்கணக்கில் இருப்பார், கூடவே வேறு பவுடர்களும் எடுப்பார். சிலர் ஊசியும் போட்டுக்கொள்வார்கள், அதைக் கேள்வித்தாளில் எழுத மாட்டார்கள்.

அதே 2024-ல் தாய்லாந்திலிருந்து மூன்றாவது வகை ஆய்வு வந்தது. யார் எதைக் குடிக்க வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, குடிப்பவருக்கும் பருவை எண்ணுபவருக்கும் எது வே என்று தெரியாமல் நடத்திய சோதனை. லேசான, நடுத்தரப் பரு உள்ள ஆண்கள் பங்கேற்றார்கள். வே குடித்த குழுவுக்குப் பரு குறிப்பிடும்படி அதிகமாகவில்லை. முறையில் இதுதான் மூன்றிலும் நம்பகமானது. ஆனால் சிறியது. கடுமையான கட்டிப் பரு வருகிற தோலுக்கும், நாளுக்கு இரண்டு மூன்று ஸ்கூப் குடிக்கும் பழக்கத்துக்கும் அதன் முடிவை அப்படியே பொருத்த முடியாது.

பாலைப் பற்றிய தரவு இதைவிடப் பெரியது. 2018-ல் 78,529 குழந்தைகள், இளைஞர்களின் தகவலை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பால் பொருள் எடுப்பவர்களிடையே பரு இருப்பதற்கான வாய்ப்பு கணக்கு சுமார் 1.25 மடங்காக இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலுக்கும் அந்தத் தொடர்பு இருந்ததால், கொழுப்பைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இதுவும் தொடர்புதான், காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வே குறைத்த உணவைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதியிருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: வே எல்லோருக்கும் பரு தராது. ஏற்கெனவே பரு வரும் தோல் உள்ள சிலருக்கு அது அடுப்பைத் தூண்டிவிடுகிறது. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பதை எந்த ஆய்வும் சொல்லாது. உங்கள் தோல்தான் சொல்லும், கேட்கிற முறையில் கேட்டால்.

பலர் கேட்கிற முறை தவறு. பரு உச்சத்தில் இருக்கும் நாளில் பதறிப்போய் வேயை நிறுத்துவார்கள், அன்றே புது ஃபேஸ்வாஷ் வாங்குவார்கள், எண்ணெய்ப் பலகாரத்தையும் விடுவார்கள். பத்து நாளில் கொஞ்சம் குறையும். 'வேதான் காரணம்' என்று முடிவாகிவிடும். ஆனால் பரு இயல்பாகவே ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும்போது எதைச் செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், அடுத்த சில வாரங்களில் பெரும்பாலும் குறையத்தான் செய்யும். இதற்கு நேர்மாறாக, பதினைந்து நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று மறுபடி குடிப்பவர்களும் உண்டு. இன்று வெளியே தெரிகிற பருவின் அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள் உருவானது பல வாரங்களுக்கு முன்பு. அதனால் எந்த மாற்றத்தின் பலனும் தெரிய எட்டு வாரமாவது வேண்டும், பன்னிரண்டு வாரம் என்றால் நிச்சயமாகச் சொல்லலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் வேலைக்குப் போகும் 23 வயது இளைஞர், எடை 65 கிலோ. வாரத்தில் ஐந்து நாள் ஜிம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு ஸ்கூப் வே. தாடையிலும் முதுகிலும் பரு.

முதலில் அவர் தொடக்கக் கணக்கை எடுக்க வேண்டும். காலையில் ஒரே ஜன்னல் பக்கம், ஒரே தூரத்தில் நின்று, இரண்டு கன்னம், நெற்றி, முதுகு என நான்கு படம். பளிச்சென்று காட்டும் கேமரா ஃபில்டர் கூடாது. வலது கன்னத்திலும் தாடையிலும் இருக்கும் சிவந்த பருக்களை எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். பழைய தழும்பை எண்ணக் கூடாது. சிவப்பாகவும் கறுப்பாகவும் தங்கும் தடம் மாதக்கணக்கில் நிற்கும். அதைப் பரு என்று கணக்கிட்டால் எதுவும் குறையாதது போலவே தெரியும். இரண்டு வாரம் வேயோடு இருந்தபடியே இந்தக் கணக்கை எடுத்துவிட்டு, பிறகு வேயை மட்டும் நிறுத்த வேண்டும். சோப்பு, களிம்பு, தலைக்கு எண்ணெய், டீ, பால் எல்லாம் பழையபடியே. வாரம் ஒரு முறை, அதே நாள், அதே இடம், படமும் எண்ணிக்கையும். பெண்கள் இதைச் செய்வதாக இருந்தால் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தையும் குறித்துவைக்க வேண்டும். அப்போது பரு கூடுவது வழக்கம், அதை வேயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பத்துப் பன்னிரண்டு வாரத்தில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் உறுதி ஆகவில்லை. உறுதி வேண்டுமென்றால் மறுபடி வேயைத் தொடங்கி நான்கு முதல் எட்டு வாரம் பார்க்க வேண்டும். திரும்ப வந்தால் பதில் கிடைத்துவிட்டது. தழும்பு விழும் கட்டிப் பரு உள்ளவர்கள் இந்தக் கடைசிப் படியைச் செய்யவே வேண்டாம். நிறுத்தியதும் குறைந்தது என்பதோடு அவர்கள் திருப்தி அடைவதுதான் நல்லது, விழுந்த பள்ளம் எளிதில் நிரம்பாது.

எண்ணிக்கை மாறவே இல்லை என்றால்? அதுவும் நல்ல செய்தி. வே குற்றவாளி இல்லை, வேறு இடத்தில் தேடலாம்.

சரி, பன்னிரண்டு வாரம் புரதத்துக்கு எங்கே போவது? தசை கரைந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் நிறுத்தவே மாட்டேன் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் குறையும். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் பெரிய லாபம் இல்லை என்று 2018-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. நம் திருச்சி இளைஞருக்கு அது 104 கிராம். அவருடைய வழக்கமான சாப்பாடு: காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும் 12 கிராம், மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர் 20 கிராம், இரவு மூன்று சப்பாத்தியும் கொண்டைக்கடலை குருமாவும் 15 கிராம், இடையில் பால் கலந்த டீ 3 கிராம். மொத்தம் 50. பற்றாக்குறை 54 கிராம். இதில் பெரும்பகுதியைத்தான் இரண்டு ஸ்கூப் அடைத்துக்கொண்டிருந்தது.

அதே 54 கிராமைச் சமையலறையிலிருந்து எடுக்கலாம். மூன்று முழு முட்டை, 18 கிராம். மீல்மேக்கர் உலர்ந்த நிலையில் 50 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி, 26 கிராம். வேர்க்கடலை 40 கிராம், 10 கிராம். தீர்ந்தது. அசைவம் சாப்பிடும் நாளில் எலும்பில்லாத கோழி 120 கிராம் எடுத்தால் மீல்மேக்கர் வேண்டாம். முட்டையும் சாப்பிடாதவர் முளைகட்டிய பச்சைப்பயறும் பொட்டுக்கடலையும் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் அவற்றில் மாவுச்சத்தும் சேர்ந்தே வரும், அளவு அதிகம் தேவைப்படும்.

மீல்மேக்கரைச் சமைக்கும்போது கொதிக்கிற உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, ஆறியதும் நன்றாகப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். அந்தப் பச்சை வாசனை போய்விடும், வயிறு உப்புசமும் குறையும். சோயா சாப்பிட்டால் ஆண்மைக் குறைவு என்ற பயம் ஜிம்களில் சுற்றுகிறது. 2021-ல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில் சோயாவால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை.

பவுடர்தான் வசதி, வேலைக்கு நடுவே முட்டை அவிக்க நேரமில்லை என்பவருக்குப் பட்டாணிப் புரதப் பவுடர் நல்ல மாற்று. 2015-ல் பிரான்சில் 161 ஆண்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பட்டாணிப் புரதம், ஒரு பிரிவுக்கு வே, ஒரு பிரிவுக்கு வெறும் பவுடர். புஜத்தின் தசைப் பருமன் கூடியதில் பட்டாணிக்கும் வேக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பட்டாணிப் பவுடர் வாயில் மணல் போலத் தட்டும், வாழைப்பழத்தோடு அரைத்தால் சமாளிக்கலாம்.

ஜிம்மில் அடிக்கடி சொல்லப்படும் இரண்டு மாற்றுகளை மட்டும் நான் மாற்றாக எண்ணுவதில்லை. ஒன்று, 'ஐசோலேட் எடு, பரு வராது' என்பது. ஐசோலேட்டில் நீக்குவது பால் சர்க்கரையையும் கொழுப்பையும். வே புரதம் அப்படியே, இன்னும் அடர்த்தியாகவே இருக்கிறது. பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு கலங்குபவருக்கு அது உதவும், இன்சுலின் ஏற்றத்துக்கு உதவாது. மற்றொன்று, கேசீன் பவுடர். எட்டு வயதுச் சிறுவர்களிடம் ஒரு வாரம் நடத்திய சோதனையில் வே இன்சுலினைச் சுமார் 21 சதவீதம் உயர்த்தியது, கேசீனோ ஐஜிஎஃப்-1-ஐச் சுமார் 15 சதவீதம் உயர்த்தியது. பருவுக்கு இரண்டு ஹார்மோனுமே ஆகாதவை.

டப்பாவின் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும். மாஸ் கெய்னர் என்று விற்பவற்றில் புரதத்தைவிட மால்டோடெக்ஸ்டிரினும் சர்க்கரையும்தான் அதிகம். அதைக் குடித்து வந்த பருவுக்கு வேயை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களிடம் பன்னிரண்டு வாரம் நடத்தி, ஒரு பிரிவினருக்கு மட்டும் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைக் கொடுத்த 2007-ஆம் ஆண்டுச் சோதனையில், அவர்களுக்குச் சராசரியாக 23-24 பரு குறைந்தது, வழக்கமான உணவு எடுத்தவர்களுக்கு 12 தான் குறைந்தது. அடுத்து வைட்டமின் பி12. அதிக அளவில் எடுத்தால் அதுவே சிலருக்குப் பருபோன்ற கொப்புளம் தரும். சத்துக்குச் சத்து என்று பல பவுடர்களில் சேர்க்கிறார்கள், மாத்திரையாகவும் எடுக்கிறார்கள். டப்பாவில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கேரள மருத்துவர்கள் தலைமையில் இந்தியச் சந்தையில் வாங்கிய 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு அட்டையில் சொன்னபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

பரு என்று நினைப்பது பருவே இல்லாமலும் போகலாம். நெஞ்சிலும் முதுகிலும் தலைமுடி ஓரத்திலும் ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிப்போடு கிளம்பும் சிறு கொப்புளங்கள் பெரும்பாலும் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சி. வியர்த்த பனியனோடு திரிபவர்களுக்கு எளிதில் வரும். கரும்புள்ளி, வெண்புள்ளி அதில் இருக்காது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இன்னும் கூடும், பூஞ்சை மருந்துதான் கேட்கும். ஊசி போட்ட சில வாரத்தில் தோளும் நெஞ்சும் நிறைய வெடித்தால் ஸ்டீராய்டுதான் முதல் சந்தேகம். அதை மருத்துவரிடம் மறைப்பதால் சிகிச்சை வீணாகும். பெண்களுக்கு மாதவிடாய் தவறி, முகத்தில் முடியும் வளர்ந்தால் பவுடரைத் தேடாமல் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையைப் பரிசோதிக்க வேண்டும்.

வேயை நிறுத்துவது மட்டுமே சிகிச்சை என்று நினைத்துக் காத்திருப்பதும் சரியல்ல. லேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடை மெல்லிய படலமாக, ஒன்றுவிட்டு ஒரு நாள் தொடங்கித் தடவலாம். சிவந்து தோல் உரிந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். பட்ட இடத்தில் துணி வெளுத்துவிடும், வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள். இரவில் தடவும் அடாபலீன் ஜெல் அடைப்பையே தடுக்கும், மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டியது, கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது. இரண்டுக்கும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். ஆனால் சோதனை நடக்கும்போது இவற்றைப் புதிதாகத் தொடங்கினால் குறைந்தது எதனால் என்று தெரியாது. எனவே லேசான பருவுள்ளவர் முதலில் வேயைச் சோதித்துவிட்டுக் களிம்புக்குப் போகலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் வெளுப்பாக்கும் கலவைக் களிம்புகளில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். நான்கு நாள் முகம் பளபளக்கும், பிறகு அந்தக் களிம்பே பருவைக் கிளப்பும், விடவும் முடியாது.

தழும்பு விழுகிறது, கட்டி ஆழமாக இருக்கிறது, எண்ணிக்கை வாரம் வாரம் கூடுகிறது என்றால் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள், வேயை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது டப்பாவின் பின்பக்கப் படமும், எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலும், எப்போது எத்தனை ஸ்கூப் தொடங்கினீர்கள் என்ற தேதியும் கையில் இருக்கட்டும்.